வார்ம் கியர் தானாக லாக் ஆகுமா? மீன் வாடித் தூக்கியில் நழுவலும் சூடும்

கேள்வி: அண்ணே, மண்டபத்தில் எங்கள் மீன் வாடியில் கீழிருந்து மாடிக்குப் பெட்டி ஏற்ற ஒரு தூக்கி போட்டிருக்கிறோம். 1 எச்பி மோட்டார், 30-க்கு 1 வார்ம் கியர்பாக்ஸ், பிரேக் கிடையாது. வார்ம் கியர் தானாகவே லாக் ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எட்டு மாதம் நன்றாக நின்றது. இப்போது ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடும்போது மேலே நிற்கிற தட்டு மெல்லக் கீழே இறங்குகிறது. கியர்பாக்ஸும் 92 டிகிரி வரை போகிறது. உப்புக்காற்று படாமல் தகரப் பெட்டி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் முன்பு ஆயிலும் மாற்றினோம், படகு இன்ஜினுக்கு ஊற்றும் 20-40 தான். டிரம் 100 மில்லி, உயரம் 4 மீட்டர், தட்டோடு சேர்த்து 200 கிலோ. இன்னும் இறுக்கமான கியர்பாக்ஸ் வாங்கிப் போட்டால் இரண்டும் சரியாகுமா?

பதில்:

தம்பி, இறுக்கமான பாக்ஸ் போட்டால் நழுவல் கொஞ்ச நாளைக்கு நிற்கலாம், ஆனால் சூடு குறையாது, கூடும். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. இந்த வேலை முடியும்வரை மேலே நிற்கிற தட்டுக்கு அடியில் யாரும் போக வேண்டாம், பெட்டி இறக்கும்போது தட்டைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு இரும்புப் பின் குத்தி நிறுத்துங்கள். இரண்டு தூணிலும் ஒரு ஓட்டை போட்டு 20 மில்லி கம்பி ஒன்றைச் சொருகினால் போதும், அரை நாள் வெல்டிங் வேலை. மெல்ல இறங்குவது எப்போதும் மெல்லவே இறங்கும் என்று நினைக்காதீர்கள். வார்ம் கியரின் குணமே அதற்கு நேர் எதிர், அசையாமல் இருக்கும்வரைதான் அது பிடிக்கும், அசைய ஆரம்பித்துவிட்டால் பிடி பாதிக்கும் கீழே போய்விடும்.

முதலில் என்ன நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். மோட்டாரின் பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கை ஒன்றில் சாக்பீஸால் கோடு போடுங்கள், டிரம்மின் விளிம்பிலும் ஒரு கோடு. தட்டில் லோடு வைத்து ஒரு அடி மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு ஐஸ் மெஷினைப் போடுங்கள். உங்கள் டிரம் ஒரு சுற்று சுற்றினால் 314 மில்லி கயிறு போகும், அதற்கு மோட்டார் 30 சுற்று சுற்ற வேண்டும். அதாவது தட்டு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஃபேன் ஏறக்குறைய ஒரு சுற்று சுற்றியிருக்க வேண்டும். அப்படிச் சுற்றினால் லோடு கியரைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது, நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான். ஃபேன் அசையவே இல்லை, டிரம் மட்டும் திரும்புகிறது என்றால் அது வேறு கதை. தண்டோடு பிணைக்கிற சாவி வெட்டுப்பட்டிருக்கும், இல்லையென்றால் பாக்ஸுக்குள் வார்ம் திருப்புகிற வெண்கலச் சக்கரத்தின் பல் போயிருக்கும். அப்படி இருந்தால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம், தூக்கியை நிறுத்திப் பாக்ஸைத் திறந்துவிடுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஐஸ் மெஷின் ஓடும்போது மட்டும் இறங்குகிறது என்பதால், முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது அடிப்படை. வார்ம் என்பது ஒரு திருகுதான். ஸ்க்ரூ ஜாக்கி வைத்து லாரியைத் தூக்கியதும் கைப்பிடியை விட்டுவிட்டால் லாரி இறங்குவதில்லை அல்லவா, அதே சங்கதி. திருகின் புரி ஒரு சரிவு, லோடு அந்தச் சரிவில் கீழே வழுக்கப் பார்க்கிறது, உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது. சரிவு குறைவாகவும் உராய்வு அதிகமாகவும் இருந்தால் நிற்கும். சரிவைக் கோணமாகச் சொல்வோம். உராய்வையும் ஒரு கோணமாகச் சொல்லலாம். எந்தச் சாய்வில் வைத்தால் பொருள் தானாக வழுக்க ஆரம்பிக்குமோ அதுதான் உராய்வுக் கோணம். புரியின் கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறியது என்றால் லாக், பெரியது என்றால் லாக் இல்லை. வேறு எந்த மந்திரமும் பாக்ஸுக்குள் கிடையாது, கொக்கி, பூட்டு என்று எதுவும் இல்லை.

உங்கள் அளவுள்ள ஒற்றைப் புரி 30-க்கு 1 பாக்ஸில் புரியின் கோணம் சுமார் ஐந்தரை டிகிரி இருக்கும். எஃகு வார்முக்கும் வெண்கலச் சக்கரத்துக்கும் நடுவே, ஆயில் இருக்கும்போது, அசையாமல் நிற்கையில் உராய்வுக் கோணம் ஆறு டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஓடும்போது பல்லுக்கு நடுவே ஆயில் படலம் உருவாகிவிடுவதால் அது இரண்டு, இரண்டேகால் டிகிரியாக இறங்கிவிடும். இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிற்கும்போது ஐந்தரை ஆறைவிடச் சிறியது, அதனால் நிற்கிறது, ஆனால் மயிரிழையில். ஓடும்போது ஐந்தரை இரண்டேகாலைவிட மிகப் பெரியது, பிடியே இல்லை. உங்களுக்கு விற்றவர் கையால் டிரம்மைத் திருப்பிக் காட்டியிருப்பார், திரும்பியிருக்காது. அவர் காட்டியது பொய்யில்லை, நிற்கிற நிலைமையை மட்டும் காட்டியிருக்கிறார்.

எட்டு மாதம் நின்றது ஏன் என்றால், புதுச் சக்கரத்தின் பல்லில் கட்டர் போன தடம் இருக்கும், விரலால் தடவினாலே சொரசொரப்பு தெரியும். கடினமான வார்ம் அதன் மேல் லட்சக்கணக்கான தடவை உரசி உரசிக் கண்ணாடி மாதிரி மெருகேற்றிவிடும். அது நல்லதுதான், பாக்ஸ் பழகிவிட்டது என்று அர்த்தம், திறனும் கூடும். ஆனால் ஆறு டிகிரியாக இருந்த உராய்வுக் கோணம் ஐந்தரைக்கு வந்துவிட்டால் உங்கள் லாக் போய்விட்டது. பல் தேய்ந்ததால் லாக் போனது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பல் மெலிந்தாலும் புரியின் கோணம் மாறாது. மெருகுதான் காரணம்.

அப்புறம் ஐஸ் மெஷின். அது தூக்கியின் சட்டத்திலேயே, இல்லையென்றால் அதே கான்கிரீட் மேடையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் நிற்கும், முறத்தை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் வழுக்கி வரும். ஐஸ் கட்டி உடையும்போது வருகிற ஒவ்வொரு அதிர்வும் வார்ம் பல்லுக்கு அதைத்தான் செய்கிறது. ஒரு கணம் பல் மேல் அழுத்தம் தளர்கிறது, ஒரு இழை நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. நல்ல கியர்பாக்ஸ் விவரப் புத்தகங்களில் அதிர்வு இருந்தால் லாக்கை நம்பாதே என்று ஒரு வரி இருக்கும், பாக்ஸ் வாங்குகிறவர் கைக்கு அந்தப் புத்தகம் வருவதே இல்லை.

இனி சூடு. இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. வார்ம் கியரின் திறனுக்கு ஒரு சின்னச் சூத்திரம் உண்டு, η என்பது திறன், γ என்பது புரியின் கோணம், ρ என்பது உராய்வுக் கோணம்:

```
η = tan γ / tan (γ + ρ)
```

லாக் ஆக வேண்டுமானால் ρ, γ-ஐ விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று பார்த்தோம். இரண்டும் சமம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், திறன் 50 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வரும். அதாவது ஓடும்போதும் உண்மையாகவே லாக் ஆகிற வார்ம் பாக்ஸ் எதுவானாலும், நீங்கள் கொடுக்கிற கரண்டில் பாதிக்கு மேல் உள்ளேயே தின்று சூடாக மாற்றிவிடும். பிடிப்பதும் சூடாக்குவதும் ஒரே உராய்வு. பிடி நிறைய வேண்டும், சூடு மட்டும் வேண்டாம் என்று கேட்க வழியே இல்லை. உங்கள் பாக்ஸ் ஓடும்போது சுமார் 70 சதவீதத் திறனில் இருக்கிறது, அதனாலேயே அது லாக் ஆகிற பாக்ஸ் இல்லை. யாராவது 75 சதவீதத் திறன், லாக்கும் உண்டு என்று ஒரே மூச்சில் சொன்னால் இரண்டில் ஒன்று நிற்கிற நிலைமைக்கு, மற்றது ஓடுகிற நிலைமைக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் தூக்கியையே கணக்குப் போடுவோம். மோட்டார் 1440 சுற்று, டிரம் 48 சுற்று, தட்டு வினாடிக்கு கால் மீட்டர் ஏறும், 4 மீட்டருக்கு 16 வினாடி. 200 கிலோவை அந்த வேகத்தில் தூக்க டிரம்மில் சுமார் 490 வாட் வேண்டும். 71 சதவீதத் திறன் என்றால் மோட்டார் 690 வாட் கொடுக்க வேண்டும், 1 எச்பி என்பது 746 வாட், ஆக விளிம்பில்தான் இருக்கிறீர்கள். நடுவே போகிற 200 வாட் முழுக்க பாக்ஸில் சூடாகிறது. அந்தக் கையளவு பாக்ஸுக்குள் 200 வாட் என்பது இரண்டு பழைய 100 வாட் குண்டு பல்பை உள்ளே எரியவிட்டது மாதிரி.

ஆனால் அது தொடர்ந்து எரிவதில்லை. காலையில் படகு வந்து நிற்கும் நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு நடை என்று வைத்துக்கொள்வோம், 16 வினாடி லோடோடு ஏற்றம், 16 வினாடி வெறும் தட்டாக இறக்கம், மிச்ச நேரம் பெட்டி ஏற்றி இறக்க. வெறும் தட்டு இறங்கும்போதும் ஆயிலைக் கலக்குவதிலும் சீலின் உரசலிலும் ஒரு 80 வாட் போகும். எல்லாம் சேர்த்துச் சராசரி 75 வாட். அந்த அளவு பாக்ஸின் வெளிப்பரப்பு, மோட்டார் ஃபேனின் காற்றும் சேர்ந்தால், வெளிக்காற்றைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருப்பதற்கு இரண்டரை முதல் மூன்று வாட் வெளியேற்றும். 75 வாட் வெளியேற 28 டிகிரி கூட வேண்டும். காற்று 35 டிகிரி என்றால் பாக்ஸ் 63-இல் போய் நிற்கும். கை வைத்தால் இரண்டு வினாடிக்கு மேல் தாங்காது, ஆனால் பாக்ஸுக்கு அது சாதாரணம். கை சுடுகிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம், வார்ம் பாக்ஸ் கை சுடத்தான் செய்யும்.

63 எங்கே, 92 எங்கே. மிச்சத்துக்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிற இரண்டு விஷயங்கள்தான்.

ஒன்று ஆயில். இன்ஜின் ஆயில் 20-40 என்பது 40 டிகிரியில் 120-ஐ ஒட்டிய பிசுக்குமை உள்ளது. வார்ம் பாக்ஸுக்குப் பொதுவாக வேண்டியது விஜி 460, கிட்டத்தட்ட நான்கு மடங்கு கெட்டி. சாதாரண கியரில் பல்லும் பல்லும் உருண்டு ஒன்றையொன்று தள்ளும், அதற்கு மெல்லிய ஆயிலே போதும். வார்மில் பல் உருளுவதே இல்லை, வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் தேய்த்துக்கொண்டே போகிறது, அந்தத் தேய்ப்பில் ஆயில் பிதுங்கி வெளியே போகாமல் நிற்கக் கெட்டியான ஆயில்தான் வேண்டும். விஜி 460 ஆயில்கூட 90 டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே மெலிந்துவிடும், உங்கள் 20-40 அந்தச் சூட்டில் அதிலும் பாதிக்குக் குறைவு. படலம் கிழிந்து எஃகு வெண்கலத்தைத் தொடுகிறது. ஓடும் உராய்வுக் கோணம் இரண்டேகாலிலிருந்து மூன்றுக்கு மேல் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால் திறன் 63 சதவீதமாக இறங்கும், தூக்கும்போது 200 வாட் இருந்த சூடு 285 வாட் ஆகும், மோட்டாரும் 780 வாட் கொடுக்க வேண்டிவந்து தன் அளவைத் தாண்டிவிடும். கொஞ்சம் லைன் வோல்டேஜ் இறங்கினால் காலையில் முதல் லோடுக்கு மோட்டார் முனகுகிறதா என்று பாருங்கள், முனகும்.

மற்றொன்று தகரப் பெட்டி. உப்புக்காற்றுக்குப் பயந்து மூடியது நியாயம்தான், மண்டபத்தில் திறந்து வைத்த போல்ட் ஒரு மழைக்காலம் தாங்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் மோட்டார் ஃபேன் தன் சூட்டுக்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து ஊதிக்கொண்டிருக்கிறது. வெளியேற்றும் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று வைத்தாலும், மெல்லிய ஆயிலால் வந்த 100 வாட் சராசரிச் சூடு வெளியேற 55 டிகிரி ஏற்றம் வேண்டும், 35-உம் 55-உம் 90. நீங்கள் பார்த்தது 92. கணக்கு இத்தனை நெருக்கமாக வருவது கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான், ஏனென்றால் பரப்பையும் காற்றையும் நான் இங்கிருந்து குத்துமதிப்பாகத்தான் போட்டேன், ஆனால் எந்தக் காரணம் எவ்வளவு பெரியது என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

சூட்டை அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். பாக்ஸும் ஆயிலும் மெல்லத்தான் சூடாகும், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தால் முழு ஏற்றத்தில் பாதிதான் தெரியும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடாமல் வேலை நடந்த பிறகு, வார்ம் தண்டின் பேரிங் இருக்கும் முனையில் அளவைக் கருவியைக் காட்டுங்கள். பளபளக்கிற அலுமினியத்தில் அகச்சிவப்புக் கருவி குறைத்துத்தான் காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளப்பது நல்லது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இதில் வரிசை முக்கியம், தயவுசெய்து மாற்றாதீர்கள். முதலில் பிரேக், பிறகுதான் ஆயில். ஏனென்றால் வார்முக்கு என்றே வருகிற நல்ல ஆயிலில் வழுவழுப்புக்கான சேர்மானம் இருக்கும், அது ஓடும் உராய்வையும் குறைக்கும், நிற்கும் உராய்வையும் குறைக்கும். ஐந்தரைக்கு ஐந்தரை என்று தொங்கிக்கொண்டிருக்கிற உங்கள் லாக், நல்ல ஆயில் ஊற்றிய அன்றைக்கே மொத்தமாகப் போகலாம். இதை நான் நேரில் பார்த்தேன். தங்கச்சிமடம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் பாக்ஸ் சூடாகிறது என்று கூப்பிட்டார்கள், நான் போய் ஆயிலை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன், சூடு நன்றாகக் குறைந்தது. மறுநாள் பாதி வழியில் சுவிட்சை விட்டபோது ஐஸ் பெட்டி நிற்காமல் தரைவரை வந்து உட்கார்ந்துவிட்டது. ஆள் யாரும் அடியில் இல்லை. அன்றிலிருந்து பிரேக் இல்லாத வார்ம் தூக்கியில் நான் ஆயில் மாற்றுவதில்லை.

இறக்கும்போது லோடு இருந்தால் என்ன நடக்கிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. ஓடுகிற நிலையில் உங்கள் பாக்ஸ் பின்பக்கமாக 60 சதவீதம் சக்தியைக் கடத்தும். 200 கிலோ இறங்கும்போது அது மோட்டாரைத் தள்ளிக்கொண்டுதான் இறங்குகிறது, மோட்டாரில் கரண்ட் இருக்கும்வரை மோட்டார் அதை அடக்குகிறது, கரண்ட் போனால் அடக்க ஆள் இல்லை. இறங்கும்போது கரண்ட் கட் ஆகிற ஒரு நாள் கட்டாயம் வரும்.

பிரேக் என்பது பெரிய செலவில்லை. மோட்டாரின் பின்பக்கம், ஃபேனுக்கு உள்ளே உட்காருகிற மின்காந்த பிரேக், ஸ்பிரிங் பிடிக்கும், கரண்ட் வந்தால் விடும் என்கிற வகை. தலைகீழாக, கரண்ட் வந்தால் பிடிக்கிற வகையைத் தப்பித்தவறிக்கூட வாங்காதீர்கள். அளவு எடுக்க, பாக்ஸில் உராய்வே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ 50 மில்லி ஆரத்தில் 98 நியூட்டன் மீட்டர், 30-ஆல் வகுத்தால் மோட்டார் தண்டில் 3.3 நியூட்டன் மீட்டர். 7.5 அல்லது 10 நியூட்டன் மீட்டர் பிரேக் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் கையில் இருக்கிறது. 20, 40 என்று பெரிதாகப் போட வேண்டாம், வார்ம் சட்டென்று நின்றால் சக்கரமும் லோடும் சட்டென்று நிற்க வேண்டும், அந்த அடி முழுவதும் வெண்கலப் பல்லுக்கு. பிரேக் காயிலை மோட்டார் கான்டாக்டரோடு சேர்த்து வயர் செய்யுங்கள், கையால் விடுவிக்கும் நெம்புகோல் உள்ளதாகக் கேளுங்கள். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு, ராத்திரி ஈரத்தில் பிரேக் தட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், காலையில் மோட்டார் திணறும். சுற்றிலும் ரப்பர் வளையம் உள்ள மாடல் வாங்கினால் அது பெரும்பாலும் வராது. தடைக்காலத்தில் 61 நாள் சும்மா கிடக்கும்போது வாரம் ஒரு தடவை வெறும் தட்டை ஏற்றி இறக்கிவிடுங்கள்.

பிரேக் போட்டதும் 250 கிலோ வைத்து ஒரு அடி தூக்கி, ஐஸ் மெஷினைப் போட்டு, அந்தச் சாக்பீஸ் கோட்டைக் கால் மணி நேரம் பாருங்கள். ஃபேன் துளியும் நகரக் கூடாது.

அதற்குப் பிறகு ஆயில். 20-40 முழுவதையும் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிச் சுற்றவிட்டு மறுபடி வடித்து, பிறகு விஜி 460 வார்ம் கியர் ஆயில் அளவுக் கண்ணாடி அல்லது அளவுப் பிளக் வரை. நிரம்பி வழிய ஊற்றினால் கலக்குவதிலேயே சூடாகும். ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை, மதுரையிலிருந்து வரவேண்டும் என்றால் காத்திருங்கள். லாரி ஹவுசிங்குக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயில் 140 நம்பர் கெட்டியில் சரியாக இருந்தாலும் அதில் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும், பல் கறுத்துப் போகும். பாலிகிளைக்கால் வகைச் செயற்கை ஆயில் சூட்டுக்கு இன்னும் நல்லது, ஆனால் அதைப் பழைய மினரல் ஆயிலோடு கலக்கவே கூடாது, கூழாகிவிடும். உங்கள் பாக்ஸில் எந்த வகை முதலில் இருந்தது என்று லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வடிக்கிற ஆயிலை ஒரு வெள்ளை டப்பாவில் பிடித்து வெயிலில் பாருங்கள். பொன் தூள் மாதிரி மினுமினுப்பு கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, பழகிய பாக்ஸில் இருக்கும். அடியில் தங்கமாகக் கசடு படிந்து, விரலில் தேய்த்தால் துகள் உறுத்தினால் பல் போய்க்கொண்டிருக்கிறது. மோர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 92 டிகிரிக்குப் போய்விட்டு ராத்திரி ஆறும்போது பாக்ஸ் சீல் வழியாக வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் அது ஈரமும் உப்பும்தான்.

தகரப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மேல் கூரை இருக்கட்டும், பக்கங்களைப் பாக்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, கீழேயும் மேலேயும் காற்றுப் போக இடம் விடுங்கள். வேறு ஊராக இருந்தால் கடல் பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திற என்பேன். மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல், சோழகக் காற்றில் தெற்கே இருந்து அடிக்கும், வாடைக் காற்றில் வடக்கே இருந்து அடிக்கும். அதனால் சாய்வான தகடு அடுக்கி, ஜன்னல் சட்டம் மாதிரி, சாரல் மட்டும் படாமல் காற்று வர வையுங்கள். மோட்டார் ஃபேனின் வாய்க்கு நேரே எதுவும் இருக்கக் கூடாது. பாக்ஸின் மேல் மீன் தண்ணீரும் உப்பும் காய்ந்து கட்டிய தோலை மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள், அது கம்பளி போர்த்தியது மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும்.

இனி நீங்கள் கேட்ட இறுக்கமான பாக்ஸ். 60-க்கு 1 போட்டால் புரியின் கோணம் மூன்று டிகிரியாகிவிடும், நிற்கும்போது நன்றாகவே லாக் ஆகும். ஆனால் திறன் ஓடும்போது 57 சதவீதத்துக்கு வந்துவிடும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 35-தான். தட்டின் வேகம் பாதியாவதால் மோட்டாருக்குச் சுமை அதிகமாகாது, நடை நேரம் இரட்டிப்பாகும், ஒரு நடைக்கு ஆகிற சூடு மொத்தத்தில் கூடும். அப்போதும் ஓடும் உராய்வு இரண்டேகால் டிகிரிதான், மூன்றைவிடக் குறைவு, ஆக இறங்கிக்கொண்டிருக்கும்போது அதையும் நம்ப முடியாது. பிரேக் எப்படியும் வேண்டும். பிரேக் இருந்தால் உங்கள் 30 பாக்ஸே போதும். புதுப் பாக்ஸுக்குச் செலவழிக்க இருந்த பணத்தை எதிர்எடைக்குச் செலவழியுங்கள். பாம்பன் பழைய பாலத்தில் 1914-லிருந்து கப்பலுக்கு வழிவிட அந்தப் பெரிய இரும்பு இறக்கைகளை ஆட்கள் கையாலேயே திருப்பித் தூக்கியது எதிர்எடை இருந்ததால்தான். உங்கள் வெறும் தட்டு 60 கிலோ இருந்தால் மறுபக்கம் 40 கிலோ எதிர்எடை தனிக்கயிற்றில் தொங்கட்டும், வெறும் தட்டு தானாக இறங்குவதற்கு 20 கிலோ மிச்சம் இருக்கும். லோடோடு ஏற்றும்போது பாக்ஸுக்குத் தெரிவது 200 இல்லை, 160. பல்லின் உராய்வில் வருகிற சூடு ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடும், மோட்டாருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, பிரேக் மோட்டார் பக்கம் இருப்பதால் அது வெண்கலச் சக்கரத்தின் பல்லை நம்பித்தான் லோடைப் பிடிக்கிறது. பல் முறிந்தால் பிரேக் பிடித்தபடியே இருக்கும், தட்டு விழுந்துவிடும். இரண்டு மாதம் மெல்லிய ஆயிலில் 92 டிகிரியில் ஓடியிருக்கிறது என்பதால் இதைப் பார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. பிரேக் பிடித்திருக்க, தட்டைப் பின் மேல் உட்கார வைத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டு, டிரம்மைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விளிம்பில் அரை மில்லி ஆடினால் கவலை இல்லை. இரண்டு மூன்று மில்லி ஆடினால் பாக்ஸைத் திறந்து பல்லின் நுனியைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய நுனி கத்தி மாதிரி கூராகியிருந்தால் சக்கரத்தை மாற்றிவிட்டுத்தான் மறுபடி பெட்டி ஏற்ற வேண்டும். மாற்றும்போது வார்மின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் எங்காவது தடுக்கினால் வார்மையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தத் தடம் புதுச் சக்கரத்தை மூன்று மாதத்தில் தின்றுவிடும்.